ஸ்டாட்டின் சாப்பிட்டால் தசை வலி, கோஎன்சைம் க்யூ10 எடுத்தால் போகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், க்யூ10 உதவுமா உதவாதா?

பெரும்பாலானவர்களுக்கு உதவாது. ஸ்டாட்டின் என்பது இரத்தக் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, க்யூ10 என்பது உடம்பே தயாரிக்கும், மாத்திரையாகவும் கிடைக்கும் ஒரு பொருள். நன்றாக நடத்தப்பட்ட ஆய்வுகளில், க்யூ10 எடுத்தவர்களுக்கும் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் வலியில் வித்தியாசம் தெரியவில்லை. சில சிறிய ஆய்வுகளில் வலி குறைந்தது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2018இல் வெளியிட்ட கொழுப்பு வழிகாட்டுதல், ஸ்டாட்டின் எடுப்பவர்களுக்கு இதை வழக்கமாகக் கொடுக்கவும் தசை வலிக்கு மருந்தாகக் கொடுக்கவும் பரிந்துரைக்கவில்லை. ஆனால் இது பெரும்பாலானவர்களுக்கு ஆபத்தில்லாத பொருள்தான். அதனால் ஒருமுறை முயன்று பார்ப்பேன் என்றால் நான் தடுக்க மாட்டேன், முறையாக முயலுங்கள் என்று மட்டும் சொல்வேன். முறையில்லாமல் முயன்றால் வேலை செய்ததா இல்லையா என்பதே கடைசிவரை தெரியாமல், வருடக்கணக்கில் தேவையில்லாத ஒன்றை விழுங்கிக்கொண்டிருப்பீர்கள். அந்த முறை என்ன என்பதைத்தான் கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்.

ஸ்டாட்டின் உடம்பில் க்யூ10ஐக் குறைக்கிறது என்கிறார்களே, குறைந்ததைத் திருப்பிக் கொடுத்தால் சரியாக வேண்டுமே?

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். கல்லீரலில் கொழுப்பு உருவாகும் பாதையின் தொடக்கத்திலேயே ஸ்டாட்டின் ஒரு நொதியைத் தடுக்கிறது. அதே பாதையில் கொஞ்ச தூரம் போனபின் பிரியும் ஒரு கிளையில்தான் க்யூ10இன் நீண்ட வால் பகுதி தயாராகிறது. தலைவாய்க்காலை அடைத்தால் கிளை வாய்க்காலிலும் தண்ணீர் குறையும் இல்லையா, அந்தக் கணக்கு. தசைச் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் தயாரிக்க க்யூ10 வேண்டும், அது குறைந்தால் தசை சோர்ந்து வலிக்கும் என்று யோசித்தார்கள்.

இரத்தத்தில் க்யூ10 குறைவது உண்மை, பல ஆய்வுகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. க்யூ10 கொழுப்பில் கரையும் பொருள், இரத்தத்தில் தனியாக மிதக்காது, பெரும்பாலும் கெட்ட கொழுப்பு என்று சொல்லும் எல்டிஎல் துகள்களில் ஏறித்தான் பயணிக்கிறது. ஸ்டாட்டின் எல்டிஎல்லைப் பாதியாகக் குறைத்தால் வண்டியே பாதியாகிவிடுகிறது, வண்டியில் இருக்கும் சரக்கும் குறைந்ததாகத் தெரியும். வலிக்கும் இடம் தசை. தசையிலிருந்து சிறு துண்டு எடுத்து அளந்த ஆய்வுகளோ ஒரே மாதிரி பதில் தரவில்லை, சிலவற்றில் குறைந்திருந்தது, சிலவற்றில் குறையவே இல்லை. ஆகவே இரத்தப் பரிசோதனையில் க்யூ10 குறைவாக இருக்கிறது என்று யாராவது காட்டினால், அதை மட்டும் வைத்து உங்கள் தசையில் பற்றாக்குறை என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

ஒரு ஆய்வு உதவும் என்கிறது, இன்னொன்று இல்லை என்கிறது. எதை நம்புவது?

ஆய்வு எப்படி நடந்தது என்று பார்த்தால் இந்தக் குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

நம்பிக்கை தந்த ஆய்வுகளில் அதிகம் பேசப்படுவது 2007இல் வந்தது. 32 பேர், ஒரு பகுதியினருக்குத் தினம் 100 மி.கி. க்யூ10, மற்றவர்களுக்கு வைட்டமின் ஈ, மொத்தம் 30 நாள். க்யூ10 எடுத்தவர்களுக்கு வலி சுமார் 40 சதவீதம் குறைந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆட்கள் மிகக் குறைவு, காலமும் ஒரு மாதம்தான். அதே 2007இல் இன்னொரு ஆய்வு 44 பேருக்கு 200 மி.கி. வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தது, வித்தியாசம் ஒன்றும் வரவில்லை.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடக் கவனமாகப் படிக்க வேண்டியது 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு. அவர்கள் செய்த முதல் வேலையே புத்திசாலித்தனமானது. முன்பு ஸ்டாட்டின் எடுத்து தசை வலி வந்ததாகச் சொன்ன 120 பேரைச் சேர்த்து, நேரடியாக க்யூ10 கொடுக்காமல், இவர்களுக்கு வரும் வலி உண்மையில் ஸ்டாட்டினால்தான் வருகிறதா என்று முதலில் சோதித்தார்கள். ஒவ்வொருவருக்கும் 8 வாரம் சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி., இன்னொரு 8 வாரம் வெற்று மாத்திரை, எது எப்போது என்று யாருக்கும் தெரியாது. முடிவில் 43 பேருக்கு மட்டுமே ஸ்டாட்டின் எடுத்த காலத்தில் வலி வந்து வெற்று மாத்திரைக் காலத்தில் வராமல் இருந்தது. 35 பேருக்கு நேர் தலைகீழ், வெற்று மாத்திரையில் வலி, ஸ்டாட்டினில் வலி இல்லை. மீதிப் பேரில் பாதிக்கு இரண்டிலும் வலி, பாதிக்கு இரண்டிலும் வலி இல்லை.

அப்புறம்தான் இரண்டாம் கட்டம். உறுதியாக ஸ்டாட்டின் வலி உள்ளவர்கள் என்று தெரிந்த அந்தக் கூட்டத்திலிருந்து 41 பேர், தினம் 600 மி.கி. க்யூ10 அல்லது வெற்று மாத்திரை, கூடவே சிம்வாஸ்டாட்டின், 8 வாரம். 600 என்பது வழக்கமாக எடுப்பதைப் போல மூன்று மடங்கு. இரத்தத்தில் க்யூ10 பல மடங்கு ஏறியது, அதாவது மாத்திரை உடம்பில் சேரவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது. வலி மட்டும் குறையவில்லை.

பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டவர்களும் இரண்டு பக்கமாகத்தான் நிற்கிறார்கள். 2015இல் 6 ஆய்வுகள், 302 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது பயன் தெரியவில்லை. 2018இல் 12 ஆய்வுகள், 575 பேரைச் சேர்த்துப் பார்த்தபோது வலி, பலவீனம், தசைப்பிடிப்பு எல்லாம் குறைந்ததாக வந்தது. ஒன்றைக் கவனியுங்கள்: பலவீனமான சிறு ஆய்வுகளைக் கூட்டினால் கூட்டல் பெரிதாகும், பலவீனம் போய்விடாது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை, சேர்ந்தவர்களின் வலி ஸ்டாட்டினால்தான் வந்தது என்று முன்கூட்டியே சோதிக்கவில்லை. சோதித்துப் பார்த்த அந்த ஆய்வு இல்லை என்று சொல்கிறது. அதனால்தான் நான் அந்தப் பக்கம் சாய்கிறேன்.

எனக்கு வருவது ஸ்டாட்டின் வலிதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வலியின் இடம், வந்த காலம், நிறுத்தினால் என்ன ஆகிறது, திரும்பத் தொடங்கினால் என்ன ஆகிறது, இந்த நான்கும்தான் துப்பு.

ஸ்டாட்டின் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், பெரிய தசைகளில் வரும்: தொடை, இடுப்பு, பின்தொடை, கெண்டைக்கால், தோள்பட்டை. மந்தமான வலி, கனம், படி ஏறும்போது கால் ஒத்துழைக்காதது போன்ற உணர்வு. ஒரு முழங்காலில் மட்டும் குத்துகிறது, ஒரு தோளைத் தூக்கினால் மட்டும் வலிக்கிறது, முதுகிலிருந்து காலுக்கு மின்சாரம் போல இறங்குகிறது என்றால் மூட்டையோ நரம்பையோ சந்தேகிக்க வேண்டும், ஸ்டாட்டினை அல்ல. மாத்திரை தொடங்கியோ அளவு கூட்டியோ முதல் நான்கு வாரத்துக்குள் வந்தால் சந்தேகம் வலுக்கும். நிறுத்தி இரண்டு வாரத்துக்குள் தெளிவாகக் குறைந்தால் இன்னும் வலுக்கும். திரும்பத் தொடங்கி நான்கு வாரத்துக்குள் அதே வலி அதே இடத்தில் வந்தால் ஏறக்குறைய உறுதி.

ஐந்து வருடமாக ஒரே மாத்திரையை ஒரே அளவில் எடுத்துக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வலி வந்தால் நான் முதலில் கேட்பது வேறு கேள்வி: சமீபத்தில் புதிதாக என்ன சேர்ந்தது? கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக், இட்ராகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து, ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு கொழுப்பு மருந்து இவையெல்லாம் சில ஸ்டாட்டின்களின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். தைராய்டு சுரப்பு குறைந்திருந்தாலும் தசை வலிக்கும், ஸ்டாட்டின் பக்கவிளைவு அதிகமாகவும் ஆகும். அதனால் தைராய்டு பரிசோதனை பண்ணாமல் க்யூ10 வாங்குவது வரிசை தவறிய வேலை. புதிதாக உடற்பயிற்சி ஆரம்பித்தீர்களா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வெற்று மாத்திரையிலும் வலி வந்தது என்றால், எங்கள் வலி கற்பனை என்கிறீர்களா?

இல்லை, ஒருநாளும் அப்படிச் சொல்ல மாட்டேன். வலி உண்மை, வலிக்கும் காரணத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

2020இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினை விட்டுவிட்ட 60 பேர், ஒரு வருடம். நான்கு மாதம் அட்டோர்வாஸ்டாட்டின் 20 மி.கி., நான்கு மாதம் வெற்று மாத்திரை, நான்கு மாதம் ஒன்றுமே இல்லை, எல்லாம் கலந்து கலந்து. தினமும் தொந்தரவுக்கு நூற்றுக்கு ஒரு மதிப்பெண் கைபேசியில் பதிய வேண்டும். மாத்திரையே இல்லாத மாதங்களில் சராசரி 8, வெற்று மாத்திரை மாதங்களில் 15.4, ஸ்டாட்டின் மாதங்களில் 16.3. அதாவது மாத்திரை விழுங்கியதால் கூடிய தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு, உள்ளே மருந்தே இல்லாதபோதும் வந்திருக்கிறது. வலி வரும் என்று எதிர்பார்த்து மாத்திரையை எடுக்கும்போது உடம்பு சின்னச் சின்ன வலிகளையும் கூர்ந்து கவனிக்கிறது, பெரிதாக உணர்கிறது. அது பொய் வலி இல்லை. இந்த முடிவைத் தங்கள் சொந்த எண்களோடு பார்த்த பிறகு, அந்த 60 பேரில் பாதிப் பேர் திரும்ப ஸ்டாட்டின் எடுக்கத் தொடங்கினார்கள்.

2022இல் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்ததும் இதையே சொல்கிறது: தசை வலி சொன்னவர்கள் ஸ்டாட்டின் பக்கம் 27.1 சதவீதம், வெற்று மாத்திரைப் பக்கம் 26.6 சதவீதம். அந்தச் சின்ன வித்தியாசமும் பெரும்பாலும் முதல் வருடத்தில்தான். நடுத்தர வயதைத் தாண்டியவர்களில் கால்வாசிப் பேருக்கு எப்படியும் எங்காவது தசை வலிக்கிறது, அதே வயதில்தான் ஸ்டாட்டினும் ஆரம்பிக்கிறார்கள். இரண்டும் சேர்ந்து நடப்பதால் ஒன்றின் மேல் ஒன்றைப் போடுகிறோம். ஆனாலும் சிலருக்கு அது நிஜமாகவே ஸ்டாட்டினால் வருகிறது, அந்தச் சிலரில் நீங்கள் ஒருவரா என்பதை உங்கள் உடம்பை வைத்துத்தான் சோதிக்க முடியும்.

எந்த வலிக்குக் காத்திருக்கக் கூடாது?

கை கால் வலியோடு நிஜமான பலவீனம் வந்தால், அதாவது நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை, கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சீவ முடியவில்லை என்றால், அல்லது சிறுநீர் அடர் பழுப்பு நிறத்தில் போனால், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். தசை உடைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலை மிக அரிது, ஆனால் அதற்கு க்யூ10 மருந்தில்லை, உடனே கவனிக்க வேண்டிய அவசரம்.

சிகே என்று சுருக்கமாகச் சொல்லும் கிரியாட்டின் கைனேஸ் இரத்தப் பரிசோதனை இங்கே உதவும். ஆய்வகம் சொல்லும் மேல் எல்லையைப் போல நான்கு மடங்குக்குள் இருந்தால் பெரும்பாலும் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கிறது, பத்து மடங்கைத் தாண்டினால் ஸ்டாட்டினை நிறுத்திவிட்டுத்தான் மறுபேச்சு. பரிசோதனைக்கு முந்தைய சில நாட்களில் கடுமையான உடற்பயிற்சியோ தசையில் ஊசியோ வேண்டாம், அவையே சிகேயை ஏற்றிவிடும். ஸ்டாட்டினை நிறுத்தி ஒன்றிரண்டு மாதம் ஆகியும் பலவீனமும் சிகேயும் இறங்கவில்லை, ஏறுகிறது என்றால், நோயெதிர்ப்பு சக்தி தசையையே தாக்கும் அரிய நோய் ஒன்று இருக்கிறது, அதற்கு எதிர்ப்பொருள் பரிசோதனை செய்ய வேண்டும், அதற்கான சிகிச்சை வேறு.

சரி, முயன்று பார்க்கிறேன். எவ்வளவு எடுக்க வேண்டும், எத்தனை நாள்?

நாளைக்கு 200 மி.கி., அதாவது 100 மி.கி. காலையில், 100 மி.கி. இரவில். ஒரே நேரத்தில் பெரிய அளவாக விழுங்கினால் குடல் ஈர்த்துக்கொள்ளும் விகிதம் குறைகிறது, அதனால்தான் பிரித்து எடுக்கச் சொல்வது. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் எண்ணெயோ நெய்யோ கொழுப்போ உள்ள சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் எடுத்தால் குறைவாகத்தான் சேரும். எண்ணெயில் கரைத்து மென்மையான உறைக்குள் வைத்த வடிவம், உலர்ந்த தூளாக இருக்கும் வடிவத்தைவிட நன்றாகச் சேரும்.

இரத்தத்தில் அளவு நிலைக்கு வரவே இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆகவே ஐந்தாம் நாள் வலி குறைந்தது என்றால் அதற்கு க்யூ10 காரணமாக இருப்பது கடினம். எட்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் ஒன்றும் மாறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், அளவை 400, 600 என்று ஏற்றாதீர்கள். 600 கொடுத்தே ஒன்றும் நடக்கவில்லை என்று மேலே பார்த்தோம்.

சாப்பாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமா என்றும் சிலர் கேட்பார்கள். சாதாரண உணவிலிருந்து நாளொன்றுக்குக் கிடைப்பது சுமார் 3 முதல் 6 மி.கி., 200ஐ உணவால் எட்ட வழியில்லை.

யூபிக்வினோல் வாங்குவதா, யூபிக்வினோன் வாங்குவதா?

இரண்டும் ஒரே பொருளின் இரண்டு நிலைகள், உடம்பு ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொண்டேதான் இருக்கும். யூபிக்வினோல் கொஞ்சம் நன்றாக ஈர்க்கப்படலாம், விலையும் அதிகம். மேலே சொன்ன, பயன் தராத அந்த 600 மி.கி. ஆய்வில் கொடுத்ததே யூபிக்வினோல்தான். கூடுதல் விலை கொடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

அப்பாவுக்கு க்யூ10 ஆரம்பித்ததும் வலி போய்விட்டது. கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது?

நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் அந்தச் சமயத்தில் வேறு என்னவெல்லாம் மாறியது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்: வலி தாங்க முடியாத ஒரு வாரத்தில் மருத்துவரிடம் போகிறார்கள், அவர் ஸ்டாட்டின் அளவைப் பாதியாக்குகிறார் அல்லது கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்கிறார், அதே சீட்டில் க்யூ10ஐயும் எழுதுகிறார். இரண்டு வாரத்தில் வலி போகிறது. பெயர் க்யூ10க்குப் போகிறது.

ஓர் உதாரணத்தை எண்களோடு பார்ப்போம். 57 வயது ஆண் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், இதுவரை மாரடைப்பு வந்ததில்லை, சர்க்கரை நோய் உண்டு. எல்டிஎல் 168. அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. தொடங்கினார்கள், எல்டிஎல் 86க்கு வந்தது. மூன்றாவது வாரம் இரண்டு தொடையும் வலி, படி ஏறினால் கனக்கிறது. தினமும் படுக்கும் முன் வலிக்குப் பத்துக்கு ஒரு மதிப்பெண் எழுதச் சொன்னார்கள், வார சராசரி 5. சிகே 260, ஆய்வகத்தின் மேல் எல்லை 200, பயப்படும் அளவு இல்லை. தைராய்டு சரியாக இருக்கிறது, புதிய மருந்து ஏதுமில்லை.

மருத்துவர் சொல்லி மூன்று வாரம் ஸ்டாட்டினை நிறுத்துகிறார். இரண்டாம் வார முடிவில் மதிப்பெண் 1. அதே மாத்திரையை அதே அளவில் திரும்பத் தொடங்குகிறார், மூன்றாவது வாரம் மறுபடி 5. சரி, இவர் நிஜமாகவே ஸ்டாட்டின் வலிக்காரர் என்று ஏறக்குறைய உறுதியாகிவிட்டது.

இப்போது க்யூ10க்கு நியாயமான வாய்ப்பு தர வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டின் 40ஐத் தொடாமல், உடற்பயிற்சியை மாற்றாமல், வலி மாத்திரை புதிதாகச் சேர்க்காமல், க்யூ10 200 மி.கி. மட்டும் சேர்க்கிறார். எட்டு வாரம். முதல் பத்து நாள் 4 என்று எழுதியிருக்கிறார், புதிதாக ஒன்று தொடங்கிய நம்பிக்கையில் இது பலருக்கும் நடக்கும். ஆறாவது வாரம் 5, எட்டாவது வாரம் 5. க்யூ10ஐ நிறுத்துகிறார், அடுத்த நான்கு வாரமும் 5தான். பதில் கிடைத்துவிட்டது.

அடுத்து அட்டோர்வாஸ்டாட்டினை 20 மி.கி. ஆக்குகிறார்கள். மூன்று வாரத்தில் மதிப்பெண் 2க்கு வருகிறது, அவரால் அதோடு வாழ முடிகிறது. எல்டிஎல் 96க்கு ஏறுகிறது. குடலில் கொழுப்பு ஈர்க்கப்படுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் என்ற மாத்திரை 10 மி.கி. சேர்த்ததும் 77. முன்பு இருந்ததைவிடக் குறைவு, வலியும் இல்லாத மாதிரிதான்.

இதே மனிதர் முதல் நாளே அளவைப் பாதியாக்கி அதே நாளில் க்யூ10ஐயும் தொடங்கியிருந்தால், வலி 5லிருந்து 2க்கு வந்ததைப் பார்த்து க்யூ10 என்னைக் காப்பாற்றியது என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டிருப்பார். உங்கள் அப்பா விஷயத்தில் தெரிந்துகொள்ள ஆசை என்றால் வழி எளிது: மற்ற எதையும் மாற்றாமல் க்யூ10ஐ மட்டும் ஒரு மாதம் நிறுத்தி, தினமும் மதிப்பெண் எழுதிப் பாருங்கள். வலி திரும்ப வந்து, மறுபடி தொடங்கியதும் போனால், அவருக்கு அது உதவுகிறது என்று வைத்துக்கொள்ளலாம், தொடரட்டும்.

மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தவர் இப்படி நிறுத்தி நிறுத்திச் சோதிக்கலாமா?

தானாகச் செய்யக் கூடாது. அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ ஸ்டென்ட்டோ ஆனவருக்கு ஸ்டாட்டின் நிற்கும் ஒவ்வொரு வாரமும் முக்கியம். அவர்களுக்கு நிறுத்திப் பார்ப்பதற்குப் பதிலாக வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றுவது, குறைந்த அளவோடு எசெட்டிமைப் சேர்ப்பது போன்ற வழிகளை இதய மருத்துவரோடு பேசுங்கள். க்யூ10 சேர்ப்பதற்காக ஸ்டாட்டினை நிறுத்த வேண்டிய தேவை எப்போதும் இல்லை, இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம்.

க்யூ10க்குப் பக்கவிளைவு உண்டா? யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

பெரிதாக இல்லை. சிலருக்கு வயிற்றுப் பொருமல், குமட்டல், பேதி வரும், இரவில் எடுத்தால் தூக்கம் கெடுவதாகச் சிலர் சொல்வார்கள், அப்படியானால் இரண்டாவது வேளையை மதியத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியவர்கள், இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள். க்யூ10இன் அமைப்பு வைட்டமின் கே போல இருக்கிறது, வார்ஃபரினின் வேலையைக் குறைக்கக்கூடும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை, ஆனால் அப்படி ஆகிவிட்டால் இரத்தம் உறையும் ஆபத்து. க்யூ10 தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் இரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனையை நெருக்கமாகச் செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள், சொல்லாமல் சேர்க்காதீர்கள். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இறங்கலாம், எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் அளந்து பாருங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தப் பேச்சே பொதுவாக வராது, கர்ப்ப காலத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஸ்டாட்டினையே நிறுத்திவிடுவார்கள்.

வைட்டமின் டி குறைவாக இருக்கிறது, அதை ஏற்றினால் வலி போகுமா?

வைட்டமின் டி மிகவும் குறைந்தால் அதுவே தசையை வலிக்க வைக்கும், அதனால் குறைபாடு இருந்தால் சரிசெய்வது நல்லது. ஆனால் ஸ்டாட்டின் தொடங்கியவர்களுக்கு வைட்டமின் டியும் வெற்று மாத்திரையும் கொடுத்து ஒப்பிட்ட பெரிய ஆய்வு 2022இல் வந்தது, தசை வலி வருவதை அது தடுக்கவில்லை.

க்யூ10 வேலை செய்யவில்லை. இனி என்ன செய்வது, வலியோடே இருப்பதா?

வேண்டியதில்லை. உண்மையில் க்யூ10ஐவிட நல்ல வழிகள் இங்கேதான் இருக்கின்றன, பலர் க்யூ10இலேயே நின்றுவிடுவதால் இவற்றுக்கு வந்து சேருவதில்லை.

முதலில் அளவைக் குறைப்பது. ஸ்டாட்டின் அளவை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் கூடுதலாகக் குறைவது சுமார் 6 சதவீதம்தான், அப்படியென்றால் பாதியாக்கினால் இழப்பதும் அவ்வளவுதான். பக்கவிளைவோ அளவோடு சேர்ந்து ஏறும். அதனால் பாதி அளவு என்பது பெரும்பாலும் நல்ல பேரம், மேலே அந்த 57 வயதுக்காரர் விஷயத்தில் பார்த்தது போல.

அடுத்து ஸ்டாட்டினை மாற்றுவது. ஒரு ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எல்லாமே ஒத்துக்கொள்ளாது என்று அர்த்தமில்லை. சிம்வாஸ்டாட்டின் கொழுப்பில் எளிதில் கரையும், பல மருந்துகளோடு மோதும். ரோசுவாஸ்டாட்டினும் பிரவாஸ்டாட்டினும் நீரில் கரைபவை, பலருக்கு இவற்றில் ஒன்று ஒத்துவருகிறது. பிடாவாஸ்டாட்டினையும் முயல்வதுண்டு. முதல் ஸ்டாட்டினை நிறுத்தி வலி அடங்கிய பிறகுதான் புதியதைக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும், பழைய வலியோடு தொடங்கினால் பழி புதிய மாத்திரைமேல் விழும்.

மூன்றாவது, ஒருநாள் விட்டு ஒருநாள். அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் உடம்பில் நீண்ட நேரம் தங்குபவை, அதனால் தினமும் எடுக்காவிட்டாலும் எல்டிஎல் கணிசமாகக் குறைகிறது. ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி.யை வாரம் இரண்டு முறையில் தொடங்கி மெல்ல ஏற்றுபவர்களும் உண்டு. சிம்வாஸ்டாட்டின் சீக்கிரம் வெளியேறிவிடும், அதை இப்படி எடுப்பது சரிப்படாது.

இரண்டு மூன்று ஸ்டாட்டினை ஒழுங்காக முயன்றும் முடியவில்லை என்றால் எசெட்டிமைப் இருக்கிறது, பெம்பெடோயிக் அமிலம் இருக்கிறது. பெம்பெடோயிக் அமிலமும் அதே கொழுப்புப் பாதையைத்தான் தடுக்கிறது, ஆனால் அது செயல்படும் வடிவத்துக்கு மாறத் தேவையான நொதி கல்லீரலில் உண்டு, எலும்புத் தசையில் இல்லை. ஸ்டாட்டின் ஒத்துக்கொள்ளாதவர்களை வைத்தே 2023இல் வெளியான பெரிய ஆய்வில் அது மாரடைப்பைக் குறைத்தது, ஆனால் யூரிக் அமிலத்தை ஏற்றும், கவுட் எனும் மூட்டு நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். எல்டிஎல் மிக அதிகமாக இருப்பவர்களுக்கு ஊசி மருந்துகளும் உண்டு.

மருத்துவரிடம் போகும்போது வலி எழுதிய நோட்டை எடுத்துப் போங்கள்: எந்த மாத்திரை, எத்தனை மி.கி., எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள், ஒவ்வொரு வார மதிப்பெண், க்யூ10 எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை. அந்த ஒரு பக்கத்தைப் பார்த்தாலே அளவைக் குறைப்பதா, மாத்திரையை மாற்றுவதா என்று அவரால் அங்கேயே முடிவு செய்ய முடியும்.